கார்டில் பிடித்து வைக்கும் பணம்: ஓட்டல், பெட்ரோல் பங்க், டிப்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஓட்டல் முன்மேசையில் பல வருடம் கேஷியராக இருந்தவன் நான். ராத்திரி கணக்கு முடிக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். அந்த மேசைக்கு எதிரே நின்று விருந்தினர்கள் கேட்ட கேள்விகளும், கடலூரிலிருந்து உறவுக்காரர்கள் போன் போட்டுக் கேட்ட கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

ரூம் வாடகை இரண்டு நாளைக்கு 9,000 ரூபாய்தான். வந்தவுடனே கார்டில் 12,000 எடுத்துவிட்டார்களே, ஏன்?

அநேகமாக எடுக்கவில்லை, பிடித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டல்காரர்கள் இதை 'பிரீ-ஆத்' என்பார்கள். வாடகைக்கு 9,000, நீங்கள் ரூமில் வரவழைத்துச் சாப்பிடப்போவதற்கும், சலவைக்குப் போடப்போவதற்கும் ஒரு உத்தேசமாக 3,000. மொத்தம் 12,000 ரூபாயை உங்கள் வங்கி ஒதுக்கி வைக்கிறது. 'இந்த ஆள் கிளம்பும்போது நான் பில் அனுப்புவேன், அதுவரை இதை வேறு யாருக்கும் கொடுக்காதே' என்று ஓட்டல் வங்கியிடம் சொல்லி வைப்பதுதான் இது. வங்கி சரி என்றால் ஆறு எழுத்துகளோ எண்களோ கொண்ட ஒரு அனுமதி எண் வரும். அது ஸ்லிப்பில் அச்சாகும். கதையின் மீதி முழுவதும் அந்த எண்ணைச் சுற்றித்தான் நடக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப்பின் மேல்பகுதியைப் பாருங்கள். `PRE-AUTH` என்று இருந்தால் பிடித்து வைத்திருக்கிறார்கள். `SALE` என்று இருந்தால் நிஜமாகவே பணம் எடுத்துவிட்டார்கள். சிறிய விடுதிகள் பலவற்றில் பிரீ-ஆத் வசதியே மெஷினில் இருக்காது. அவர்கள் முன்பணமாக `SALE` போட்டுவிட்டு, மிச்சத்தைப் பிறகு திருப்பி அனுப்புவார்கள். இரண்டும் ஒன்றல்ல. பிடித்ததை விடுவது ஒரு செய்தி அனுப்பும் வேலை. எடுத்ததைத் திருப்புவது பணமே பயணம் செய்து வரும் வேலை, சில வேலை நாட்கள் ஆகும். அதனால் கார்டை நீட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: "பிரீ-ஆத்தா, சேலா?"

பணம் கணக்கிலிருந்து போனதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். பிடித்து வைத்தாலும், எடுத்தாலும் சில வங்கிகளிலிருந்து ஒரே மாதிரி வாசகம்தான் வரும். வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். டெபிட் கார்டு என்றால் கணக்கிருப்பு, பயன்படுத்தக்கூடிய இருப்பு என்று இரண்டு தொகை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் 12,000 வித்தியாசம் தெரிந்தால் அது பிடித்து வைத்த பணம். கிரெடிட் கார்டு என்றால் பில்லில் ஏறாது, வட்டியும் ஓடாது. ஆனால் மீதமுள்ள லிமிட் 12,000 குறைந்திருக்கும். பிரீ-ஆத்தையும் கணக்கில் பற்று எழுதிவிட்டு, பிறகு வரவு வைக்கிற வங்கிகளும் உண்டு. அப்படி இருந்தால் ஸ்லிப்பில் உள்ள வார்த்தைதான் உங்களுக்குச் சாட்சி.

கணக்கில் பணம் இருந்தும் கிளம்பும்போது கார்டு டிக்ளைன் ஆனது. எல்லார் முன்னாலும் அவமானமாகப் போய்விட்டது. என்ன தப்பு நடந்தது?

தப்பு உங்கள் மேல் இல்லை. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், முழுதாகச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம், சனி ஞாயிறு இரண்டு நாள் தங்க வந்தார்கள். அவருடைய டெபிட் கார்டுக் கணக்கில் 18,400 ரூபாய். வந்ததும் 12,000 பிரீ-ஆத். செலவழிக்க மிச்சம் 6,400. திங்கள் காலை பில் வந்தது: வாடகை 9,000, சாப்பாடு 1,850, ஆக 10,850. முன்மேசையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன். மெஷினில் நேராக `SALE` அழுத்தி 10,850 போட்டான். வங்கி பார்த்தது: கையில் இருப்பது 6,400, கேட்பது 10,850. டிக்ளைன்.

"அண்ணே, கார்டு போகலை. வேற கார்டு இருக்குதா?" என்றான். அவர் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, காலையிலகூட பார்த்தேன்யா, பதினெட்டாயிரம் இருக்கு" என்று போனைக் காட்டினார். அவர் காட்டியது கணக்கிருப்பு. அதே கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பிப் பார்த்தார். அதுவும் போகவில்லை, போகாது, யுபிஐயும் அதே 6,400 ரூபாய்க்குள்தான் கை விட முடியும். கடைசியில் அவர் வீட்டுக்காரம்மா தன் கணக்கிலிருந்து 10,850 அனுப்பி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவருடைய 12,000 அப்படியே பூட்டிக் கிடந்தது.

அந்தத் தம்பி செய்திருக்க வேண்டியது என்ன? புதிதாக எதையும் போடாமல், ஏற்கெனவே போட்ட பிரீ-ஆத்தை முடித்திருக்க வேண்டும். மெஷின் மெனுவில் அது `COMPLETION` அல்லது `SALE COMP` என்று இருக்கும். உள்ளே போனால் பழைய ஸ்லிப்பில் உள்ள அனுமதி எண்ணைக் கேட்கும். அதையும் 10,850 என்ற தொகையையும் அடிக்க வேண்டும். வங்கி அந்த எண்ணை வைத்து, பிடித்து வைத்த 12,000த்தைத் தேடி எடுத்து, அதிலிருந்தே 10,850ஐக் கொடுக்கும். மிச்சம் 1,150 விடுபடும். அவர் மனைவி போனை எடுக்கவே தேவையில்லை.

கணக்கில் இன்னும் ஒரு பத்தாயிரம் கூடுதலாக இருந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி கெட்டிருக்கும். அந்த `SALE` தடையில்லாமல் போயிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. 12,000 பிடிப்பும் 10,850 எடுப்புமாக 22,850 ரூபாய் முடங்கியிருக்கும். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் "இரண்டு தடவை எடுத்துட்டாங்க" என்று போன் வரும். எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

சரி, கிளம்பும்போது கேஷியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பில்லைக் கையில் வாங்கியதும், கார்டை நீட்டுவதற்கு முன்னால், "செக்-இன்ல போட்ட பிரீ-ஆத்லயே முடிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை. தெரிந்தவர் என்றால் உடனே பழைய ஸ்லிப்பைத் தேடுவார். வேறு கார்டிலோ, ரொக்கமாகவோ, யுபிஐயிலோ கட்டப்போகிறீர்கள் என்றால், "பிரீ-ஆத்தை கேன்சல் பண்ணி ஸ்லிப் கொடுங்க" என்று கேளுங்கள். அந்த ஸ்லிப்பில் `VOID` என்ற சொல்லோ, பிரீ-ஆத் ரத்து என்று பொருள்படும் வேறு சொல்லோ இருக்க வேண்டும். வெறும் வாய்வார்த்தையாக "தானா வந்துடும் சார்" என்றால் நகராதீர்கள்.

ஸ்லிப்பை உடனே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது சூட்டில் அச்சாகும் காகிதம். நம் ஊர் வெயிலில் காருக்குள் இரண்டு நாள் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். அனுமதி எண் தெரியாத ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கு வந்து, தேதியையும் நேரத்தையும் வைத்து எங்களைத் தேட வைத்தவர்கள் உண்டு. தேடினோம், கிடைத்தது. ஆனால் அரை நாள் போயிற்று.

பில்லை வேறு வழியில் கட்டியாயிற்று. பிடித்து வைத்தது எத்தனை நாளில் திரும்பும்?

ஓட்டல் ரத்துச் செய்தி அனுப்பியிருந்தால், சில வங்கிகளில் சில நிமிடங்களில், சிலவற்றில் சில வேலை நாட்களில். அனுப்பாமல் விட்டால், அந்தப் பிடிப்பு தானாகக் காலாவதி ஆகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓட்டல் பிரீ-ஆத்துக்கு கார்டு நிறுவனங்கள் 30 நாள் வரை ஆயுள் கொடுக்கின்றன. பல வங்கிகள் அதற்கு முன்பே விட்டுவிடும். ஆனால் விட்டாக வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்து அந்தப் பணத்துக்குச் செலவு வைத்துவிடாதீர்கள், குறிப்பாக மாதத் தவணை போகிற கணக்காக இருந்தால்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டல் சரியாகவே முடித்திருக்கும், ஆனால் அனுமதி எண்ணில் ஒரு எழுத்தை மாற்றி அடித்திருப்பார்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ, ஒன்றுக்குப் பதில் ஐ. அப்போது வங்கியால் வந்த பில்லைப் பழைய பிடிப்போடு சேர்த்துப் பார்க்க முடியாமல் போகலாம். பில் தனியாகக் கழியும், பிடிப்பு தனியாக நிற்கும். இரண்டு ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்து அந்த ஆறு எழுத்துகளை ஒப்பிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வங்கியில் கேட்டால் ஓட்டலைக் கேள் என்கிறார்கள், ஓட்டலில் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?

முதலில் ஓட்டலை. உங்கள் வங்கியால் தன்னிச்சையாக விடுவிக்க முடியாததற்குக் காரணம், நாளைக்கே ஓட்டல் அந்த அனுமதி எண்ணோடு பில் அனுப்பினால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்கு இருக்கிறது. அதனால் ஓட்டல் 'இந்த எண்ணில் இனி பில் அனுப்ப மாட்டோம்' என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டலின் லெட்டர்பேடில் தேதி, தொகை, அனுமதி எண், கார்டின் கடைசி நான்கு எண்கள், மெஷினின் `TID` எண் இவை இருந்தால் போதும். முழு கார்டு எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் வங்கியின் கார்டு பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, மெஷின் கொடுத்த வங்கி வழியாகவும் ரத்துச் செய்தி அனுப்பச் சொல்லி ஓட்டலைக் கேளுங்கள்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` தளத்தில் போகலாம். கட்டணம் கிடையாது.

தாமதமானால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்கிறார்களே, இதற்கும் உண்டா?

சாதாரண பிரீ-ஆத்துக்கு இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட அந்த உத்தரவு, தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு. கடையிலோ பங்கிலோ கார்டு தேய்க்கிறீர்கள், கணக்கில் பணம் கழிந்துவிடுகிறது, ஆனால் மெஷினில் உறுதி வரவில்லை என்றால், அடுத்த 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். பிரீ-ஆத் தோற்றுப்போன பரிவர்த்தனை இல்லை. வெற்றிகரமாக நடந்து, முடிக்கப்படாமல் நிற்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வங்கியில் போய்ச் சண்டை போட்டு நேரம் வீணாக்கியவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஓட்டலுக்கு எந்த கார்டு கொடுப்பது நல்லது?

கிரெடிட் கார்டு. பிடிபடுவது லிமிட், உங்கள் சம்பளப் பணம் இல்லை. டெபிட் கார்டுதான் இருக்கிறது என்றால், உத்தேசத் தொகையைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். "ரூமில் எதுவும் வாங்க மாட்டோம், வெளியில்தான் சாப்பிடுவோம்" என்றால் வாடகைக்கு மட்டும் போட ஒத்துக்கொள்பவர்கள் உண்டு.

கடலூரிலிருந்து வந்து முள்ளோடை தாண்டி பங்கில் 2,000 ரூபாய்க்குப் போட்டேன். கிரெடிட் கார்டு கணக்கில் 2,023.60 என்று காட்டுகிறது. பங்கிலும் பிடித்து வைக்கிறார்களா?

இல்லை. நம் ஊர் பங்கில் ஆள் நின்று போடுகிறார், மீட்டர் நின்ற பிறகு தொகை தெரிந்து கார்டு தேய்க்கிறார். அது நேரடி `SALE`. பிடித்து வைக்க அவசியமே இல்லை. நீங்கள் பார்க்கும் 23.60 எரிபொருள் கூடுதல் கட்டணம்: 2,000க்கு 1 சதவீதம் 20 ரூபாய், அந்த 20க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3.60. பல கார்டுகளில் 20 ரூபாய் பிறகு வரவு வைக்கப்படும், ஜிஎஸ்டி திரும்பாது. குறைந்தபட்சத் தொகை, அதிகபட்சத் தொகை என்று கார்டுக்குக் கார்டு வரம்பு உண்டு. அதனால் 100, 200க்கு கிரெடிட் கார்டு தேய்ப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். புதுச்சேரியில் விலை குறைவு என்று எல்லை தாண்டி வந்து மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பிரான்சில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆள் இல்லாத பங்கில் 40 யூரோவுக்குத்தான் போட்டேன், 150 யூரோ எடுத்ததாகச் செய்தி வந்தது. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. அங்கேதான் நிஜமான பங்க் பிரீ-ஆத். ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு போடுவீர்கள் என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் குழாயைத் திறக்கும் முன்பே ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கும். பிரான்சில் 100 யூரோவுக்கு மேல், 150 வரை கூடப் பிடிப்பார்கள். அமெரிக்காவில் 175 டாலர் வரை போகும். நீங்கள் போட்டு முடித்ததும் 40 என்ற உண்மைத் தொகை வங்கிக்குப் போகும். கார்டு கொடுத்த வங்கி அதை உடனே எடுத்துக்கொண்டால் மிச்சம் சில நிமிடங்களில் விடுபடும். நம் ஊர் கார்டில் பெரும்பாலும் பில் முறைப்படி வந்து சேரும் வரை சில நாள் நிற்கும்.

ஒரே நாளில் இரண்டு பங்கில் நிறுத்தினால் இரண்டு பிடிப்பு. கையில் டெபிட் கார்டு ஒன்றுதான் என்றால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கே தடுமாற வேண்டி வரும். கடையோடு சேர்ந்த பங்க் என்றால் உள்ளே போய், ஆளிடம் தொகை சொல்லிக் கட்டுங்கள், பிடிப்பு வராது. அமெரிக்காவில் பம்ப் மெஷின் உள்ளூர் அஞ்சல் எண் கேட்டு நம் கார்டை மறுக்கும்போதும் இதுவே வழி. இன்னொன்று, பிடித்த அன்றைய மாற்று விலையும் பில் ஏறும் நாளின் மாற்று விலையும் வேறு வேறு. 40 யூரோவுக்கு நீங்கள் போட்ட ரூபாய் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பயப்பட வேண்டாம்.

உணவகத்தில் கார்டு மெஷின் 'டிப்' கேட்கிறது. அது எப்படி வேலை செய்கிறது? எங்கே ஏமாறலாம்?

சில மெஷின்களில் டிப் வசதியைத் திறந்து வைத்திருப்பார்கள். முதலில் பில் தொகை, அடுத்து `TIP`, பிறகு இரண்டையும் கூட்டி மொத்தம் காட்டும். அதற்குப் பிறகுதான் பின் எண். பில் 1,460, டிப் 100 என்றால் திரையில் 1,560 நிற்க வேண்டும்.

நான் அதிகம் பார்த்த பிழை இதுதான்: டிப் கேட்கும் இடத்தில் பரிமாறுபவர் அவசரத்தில் மொத்தத்தையே, அதாவது 1,560ஐ, அடித்துவிடுவார். மெஷின் நல்ல பிள்ளையாக 1,460ஓடு கூட்டி 3,020 காட்டும். பின் எண் போடுகிற வேலை இருந்தால் உங்கள் கண் திரைக்குப் போகும், பிடித்துவிடுவீர்கள். ஆனால் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் கார்டைத் தொட்டாலே போய்விடும். பேசிக்கொண்டே தொட்டால் 3,020 போயிற்று. தொடுவதற்கு முன் மெஷினை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

தப்பு நடந்துவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். ராத்திரி கணக்கு முடித்து, அன்றைய வரவுகளை வங்கிக்கு அனுப்பும் வரை `VOID` போட முடியும். போட்டுவிட்டு சரியான தொகைக்கு மறுபடி எடுக்கலாம். மறுநாள் வந்தால் அது பணம் திருப்பும் வேலையாகிவிடும், நாட்கள் ஆகும்.

அமெரிக்காவில் மகனோடு சாப்பிட்டேன். முதலில் 60 டாலருக்குச் செய்தி, மூன்று நாள் கழித்துக் கணக்கில் 71. யாரோ திருத்திவிட்டார்களா?

நீங்களோ உங்கள் மகனோ ஸ்லிப்பில் 11 டாலர் டிப் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அங்கே பல இடங்களில் முதலில் சாப்பாட்டுக்கு மட்டும் வங்கியிடம் அனுமதி வாங்குவார்கள். நீங்கள் எழுதிய டிப்பைக் கடை மூடும் முன் சேர்த்து, மொத்தமாக அனுப்புவார்கள். உணவகங்களுக்கு அனுமதித் தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாக அனுப்ப கார்டு விதிகளே இடம் கொடுக்கின்றன. உங்கள் நகலில் டிப், மொத்தம் இரண்டு வரியையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிப் வேண்டாம் என்றால் வெற்றிடமாக விடாமல் கோடு போட்டு, மொத்தத்தை எழுதிவிடுங்கள்.

ஓட்டலில் டிப்பை ரூம் கணக்கில் எழுதினால் அந்தப் பையனுக்குப் போகுமா?

அது பில்லோடு சேர்ந்து, கிளம்பும்போது முடிக்கும் தொகைக்குள் வந்து, ஓட்டலின் கணக்கில் விழும். அங்கிருந்து பிரித்துக் கொடுப்பது அந்தந்த நிர்வாகத்தின் வழக்கம். மாதக் கடைசியில் எல்லாருக்கும் பங்கு பிரிக்கும் இடங்களும் உண்டு. உங்கள் பெட்டியை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்த ஆளுக்கே சேர வேண்டும் என்றால் அவர் கையிலேயே 50 ரூபாயைக் கொடுங்கள், மெஷின் வேண்டாம்.

பில்லிலேயே 'சேவைக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் அது டிப் கணக்கில் வராது, வரியும் இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துட்டு பில் போடுங்க" என்று கேட்கலாம். அந்த வரியை எடுத்த பிறகு, கார்டைக் கொடுக்கும் முன், புதிய மொத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.